தீபாவளி மாதம் மாறினால் விற்பனைக் கணக்கை எப்படி ஒப்பிடுவது?

2024 நவம்பர் முடிந்ததும் பல ஜவுளிக்கடைகளின் மாத அறிக்கையில் ஒரே மாதிரி காட்சி தெரிந்திருக்கும். போன வருஷ நவம்பரோடு ஒப்பிட்டால் விற்பனை பாதிக்கும் கீழே. அதற்கு முந்தைய மாத அறிக்கையில் இதற்கு நேர் எதிர்: அக்டோபர் விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டு எண்களும் கணக்குப்படி சரி. ஆனால் கடை நன்றாக நடக்கிறதா, இறங்குகிறதா என்று கேட்டால் இரண்டாலும் பதில் சொல்ல முடியாது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. அந்த எண்கள் சொன்னது இந்தத் தேதி மாற்றத்தை மட்டும்தான்.

இது தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். கடையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், உண்மைதான். ஆனாலும் அறிக்கை மாதக்கணக்கில்தான் வருகிறது, இலக்கு மாதக்கணக்கில்தான் வைக்கப்படுகிறது, ஊக்கத்தொகையும் மாதக்கணக்கில்தான் தரப்படுகிறது. 'போன வருஷ மாதத்தைவிடப் பத்து சதவீதம் கூடுதல்' என்று இலக்கு வைக்கும் கடையில், 2024 அக்டோபரில் விற்பனையாளர்கள் மாதம் முடியும் முன்பே இலக்கைத் தாண்டியிருப்பார்கள். நவம்பரில் என்ன செய்தாலும் எட்டியிருக்க முடியாது. அந்த நவம்பரில் ஊக்கத்தொகை கிடைக்காமல் போனவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில், தேதி ஏன் நகர்கிறது? சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள். ஆங்கில ஆண்டைவிட 11 நாள் குறைவு. ஆகவே தீபாவளி சாதாரணமாக ஒவ்வொரு ஆண்டும் 11 நாள் முன்னால் வரும், லீப் ஆண்டில் 12 நாள். இப்படியே விட்டால் அது கோடைக்குள் போய்விடும். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் தீபாவளி என்பது ஐப்பசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி. ஐப்பசி சூரிய மாதம், அது நகராது. அதனால் திதி ஐப்பசியை விட்டு வெளியே போகும் நிலை வந்தால் அடுத்த சுற்றுச் சதுர்த்தசிதான் தீபாவளியாகும், தேதி ஒரே தாவலில் 19 நாள் பின்னால் போகும். வட இந்தியக் கணக்கில் இதையே 'அதிக மாதம்' என்ற கூடுதல் சந்திர மாதம் ஒன்றைச் சேர்த்துச் சரிசெய்கிறார்கள்.

தேதிகளை வரிசையாகப் பார்த்தால் புரியும். 2022 அக்டோபர் 24, 2023 நவம்பர் 12, 2024 அக்டோபர் 31, 2025 அக்டோபர் 20, 2026 நவம்பர் 8. முதலில் 19 நாள் பின்னே, அப்புறம் 12 நாள் முன்னே, 11 நாள் முன்னே, மறுபடி 19 நாள் பின்னே. எல்லை ஏறத்தாழ அக்டோபர் 17 முதல் நவம்பர் 16 வரை, அதாவது ஐப்பசி மாதம் முழுக்க. ஆங்கில மாதக் கோடு இந்த எல்லையைச் சரியாக நடுவில் வெட்டுகிறது. பொங்கலுக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் இரண்டும் சூரிய மாதத்தைப் பிடித்து நிற்பவை. ஜனவரியை ஜனவரியோடு தாராளமாக ஒப்பிடலாம்.

சரி, அப்படியானால் அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் போதாதா? பெரும்பாலான கடைகள் செய்வது இதைத்தான். 2023-ஐயும் 2024-ஐயும் ஒப்பிட இது ஓரளவு போதும், ஏனென்றால் இரண்டு ஆண்டிலும் தீபாவளிக் கூட்டம் இந்த இரண்டு மாதத்துக்குள் அடங்கிவிட்டது. 2025-இல் இது உடையும். தீபாவளி அக்டோபர் 20 என்றால் அதற்கு நான்கு வாரம் முன்பு செப்டம்பர் 22. பண்டிகை விற்பனையின் தொடக்கம் செப்டம்பரில் விழுந்துவிடும். அதையும் சேர்க்க மூன்று மாதமாகக் கூட்டலாம். ஆனால் அப்போது சாதாரண நாள்கள் ஏராளமாகக் கலந்து, பண்டிகை விற்பனையில் என்ன நடந்தது என்பது மங்கிப்போகும்.

நிதியாண்டுக் கணக்கிலும் இதே கோளாறு வேறு உருவில் வரும். 'ஏப்ரல் முதல் அக்டோபர் வரை' என்று கூட்டிப் போட்டால், 2023-இன் கூட்டலில் தீபாவளியின் உச்ச நாள்கள் இல்லை, 2024-இன் கூட்டலில் இருக்கின்றன. ஏழு மாதக் கூட்டல் ஆயிற்றே, நம்பலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரம்ஜானில் இது இன்னும் மோசம். அதற்கு ஈடுசெய்யும் மாதம் கிடையாது என்பதால் ஆண்டுதோறும் முன்னால்தான் வரும். இந்தியாவில் 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. இரண்டு பெருநாளும் 2024-25 என்ற ஒரே நிதியாண்டுக்குள் விழுந்தன. அந்த வியாபாரத்தை நம்பியிருக்கும் கடைக்கு அந்த ஆண்டின் எண் இயல்பானதாக இருக்க வாய்ப்பில்லை.

மாதத்தை விட்டுவிட்டு, பண்டிகை நாளிலிருந்து எண்ணுவதுதான் வழி. தீபாவளி நாளுக்கு 0 என்று பெயர். முந்தைய நாள் −1, ஒரு வாரம் முன்பு −7, மறுநாள் +1. ஒவ்வொரு ஆண்டின் தினசரி விற்பனைக்கும் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், −10-ஐ −10-ஓடு ஒப்பிடலாம், அது எந்த மாதத்தில் விழுந்தாலும் சரி.

எத்தனை நாளை எடுப்பது? இங்கே பலர் '30 நாள்' என்று வைத்துவிடுவார்கள். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 30 நாளில் சில கிழமைகள் நான்கு முறை வரும், இரண்டு கிழமைகள் ஐந்து முறை வரும். 2023-இல் தீபாவளிக்கு முந்தைய 30 நாள் அக்டோபர் 13 முதல் நவம்பர் 11 வரை. அதில் ஐந்து சனிக்கிழமை. 2024-இல் அது அக்டோபர் 1 முதல் 30 வரை, நான்கு சனிக்கிழமை. ஜவுளிக்கடையில் பண்டிகை நேரத்துச் சனிக்கிழமை ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சதவீதமே மாறிவிடும். ஆகவே 28, 35, 42 என்று ஏழின் மடங்கில்தான் எடுக்க வேண்டும். அப்போது எல்லாக் கிழமையும் இரண்டு பக்கமும் சமமாக வரும். நான் ஜவுளிக்கு −27 முதல் +7 வரை 35 நாள் எடுப்பேன். பின்னால் ஏழு நாளைச் சேர்ப்பதற்குக் காரணம், மாற்றிக்கொண்டு போக வருபவர்களும் திருப்பிக் கொடுக்க வருபவர்களும் அந்த வாரத்தில்தான் வருவார்கள். அந்தக் கழிவை விட்டுவிட்டால் விற்பனை கொஞ்சம் உப்பலாகத் தெரியும்.

வாகன விற்பனையாளர்களின் கூட்டமைப்பான ஃபாடா இதே முறையில்தான் பண்டிகைக்கால எண்ணை வெளியிடுகிறது. நவராத்திரி முதல் நாளில் தொடங்கி, தீபாவளியை ஒட்டி வடக்கே கொண்டாடும் தன்தேரஸ் கழிந்து 15 நாள் வரை, மொத்தம் 42 நாள். 2024-இல் அது அக்டோபர் 3 முதல் நவம்பர் 13 வரை, 2025-இல் செப்டம்பர் 22 முதல் நவம்பர் 2 வரை. இரண்டுமே சரியாக ஆறு வாரம்.

இனி ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் விற்பனை எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. தேதிகள் மட்டும் உண்மையானவை.

2023-இல் இந்தக் கடையில் அக்டோபர் 1 முதல் 15 வரை 24 லட்சம், 16 முதல் 31 வரை 48 லட்சம். ஆக அக்டோபர் 72 லட்சம். நவம்பர் 1 முதல் 11 வரை, அதாவது தீபாவளிக்கு முந்தைய பதினொரு நாளில் 88 லட்சம். தீபாவளி அன்றும் அடுத்த ஏழு நாளும் சேர்த்து 8 லட்சம். நவம்பர் 20 முதல் 30 வரை 16 லட்சம். ஆக நவம்பர் 112 லட்சம்.

2024-இல் அக்டோபர் 1 முதல் 3 வரை 5 லட்சம், 4 முதல் 19 வரை 50 லட்சம், 20 முதல் 30 வரை 82 லட்சம், தீபாவளி அன்று 1 லட்சம். ஆக அக்டோபர் 138 லட்சம். நவம்பர் முதல் ஏழு நாளில் 8 லட்சம், மீதி நாளில் 37 லட்சம். ஆக நவம்பர் 45 லட்சம்.

மாத அறிக்கை என்ன சொல்லும்? அக்டோபர் 92 சதவீதம் ஏற்றம், நவம்பர் 60 சதவீதம் இறக்கம். இரண்டையும் கூட்டினால் 184 லட்சம் 183 லட்சமாகியிருக்கிறது. 'ஏறக்குறைய அதே அளவு' என்று சொல்லி மூடிவிடலாம் போலத் தெரியும்.

பண்டிகை நாளிலிருந்து எண்ணிப் பார்ப்போம். 2023-இன் 35 நாள் அக்டோபர் 16 முதல் நவம்பர் 19 வரை: 48, 88, 8 சேர்த்து 144 லட்சம். 2024-இன் 35 நாள் அக்டோபர் 4 முதல் நவம்பர் 7 வரை: 50, 82, 9 சேர்த்து 141 லட்சம். பண்டிகை விற்பனை 2 சதவீதம் குறைந்திருக்கிறது. பண்டிகைக்கு வெளியே இருக்கும் 26 நாளைப் பார்த்தால் 2023-இல் 40 லட்சம், 2024-இல் 42 லட்சம், அதாவது 5 சதவீதம் கூடுதல். அன்றாட வியாபாரம் வளர்கிறது, தீபாவளி வியாபாரம் லேசாகத் தளர்ந்திருக்கிறது. இந்த உண்மை மாத அறிக்கையிலும் இல்லை, இரண்டு மாதக் கூட்டலிலும் இல்லை. அடுத்த ஆண்டு தீபாவளிக்குக் கொள்முதல் எவ்வளவு என்று முடிவெடுப்பவருக்கு இதுதான் வேண்டும்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. தேதியைச் சீராக அடுக்கியதால் தீபாவளியோடு நகரும் விஷயங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நேராக வந்துவிட்டன. ஆயுத பூஜை அப்படி ஒன்று. அதுவும் திதியைப் பிடித்து வருவதால் 2023-இலும் 2024-இலும் தீபாவளிக்குச் சரியாக 20 நாள் முன்பு வந்தது. போனஸும் அப்படித்தான், நிறுவனங்கள் அதைத் தீபாவளியை ஒட்டித்தான் கொடுக்கின்றன. ஆனால் சில விஷயங்கள் தீபாவளியோடு நகராமல் ஆங்கிலத் தேதியிலேயே நிற்கும். அவற்றில் பெரியது சம்பளம்.

மேலே சொன்ன கடையில் எங்கே குறைந்தது என்று பாருங்கள். முதல் பதினாறு நாளில் 48, 50 ஆகக் கூடியிருக்கிறது. கடைசிப் பதினொரு நாளில் 88, 82 ஆக இறங்கியிருக்கிறது. 2023-இல் நவம்பர் 1 என்பது −11. மாதம் பிறந்ததும் வந்த சம்பளம் அப்படியே கடைசி ஓட்டத்துக்குக் கைகொடுத்தது. 2024-இல் அக்டோபர் 1 என்பது −30. அந்தச் சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் போன பிறகுதான் தீபாவளி வந்தது. அடுத்த சம்பளம் பலருக்குத் தீபாவளி கழிந்துதான். மாதக் கடைசித் தீபாவளி என்றால் குடும்பத்தில் எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பது சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இது ஊகமா, உண்மையா என்று கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு விற்பனைத் தொகையோடு பில் எண்ணிக்கையும் வேண்டும். கடைசிப் பதினொரு நாளில் 2023-இல் 4,400 பில், சராசரி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதுதான் 88 லட்சம். 2024-இலும் 4,400 பில்தான், ஆனால் சராசரி 1,864 ரூபாய் என்றால் 82 லட்சம் வரும். வந்த கூட்டம் குறையவில்லை, ஒவ்வொருவரும் வாங்கியது குறைந்திருக்கிறது. இது கையில் பணம் குறைவாக இருந்ததோடு பொருந்துகிறது. மாறாகச் சராசரி அப்படியே இருந்து பில் எண்ணிக்கை குறைந்திருந்தால், மழையையோ பக்கத்தில் திறந்த புதுக் கடையையோ சந்தேகிக்க வேண்டும். அந்த நாள்களில் சனி, ஞாயிறு குறைந்ததா என்றும் எண்ணிவிட வேண்டும். 2023 நவம்பர் 1 முதல் 11 வரையில் சனி, ஞாயிறு மூன்று நாள். 2024 அக்டோபர் 20 முதல் 30 வரையிலும் மூன்று நாள். எண்ணிக்கை சமம். ஆனால் 2023-இல் தீபாவளிக்கு முந்தைய நாள் சனிக்கிழமை, 2024-இல் புதன்கிழமை. கடைசி நேரத்தில் வாங்குபவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். எனவே சம்பளத்தின் மேல் முழுப் பழியையும் போடாமல், −1 என்ற ஒரு நாளை மட்டும் தனியாக ஒப்பிட்டு, இறக்கத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

மழையும் நகராத விஷயம்தான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். சென்னையில் அதிக மழை பெய்யும் மாதம் நவம்பர். அக்டோபர் 20-இல் வரும் தீபாவளியின் கடைசி வாரமும் நவம்பர் 12-இல் வரும் தீபாவளியின் கடைசி வாரமும் ஒரே அளவு மழை ஆபத்து உள்ளவை அல்ல. இதற்குச் சூத்திரம் எதுவும் தேவையில்லை. நாள்வாரி ஏட்டில் 'மாலை மழை' என்று ஒரு குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் போதும். அந்தக் குறிப்பு இல்லாமல் ஒரு வருஷம் கழித்து யாருக்கும் நினைவு இருக்காது.

2024-ஐ 2025-ஓடு ஒப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. அதற்கு முன்பு 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம். இப்போது 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 1,500 ரூபாய்ச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 தீபாவளிக்கு வரியோடு பில் 1,680. 2025 தீபாவளிக்கு அதே சட்டை 1,575. கல்லாவில் விழுந்த தொகையை வைத்து ஒப்பிட்டால், அதே எண்ணிக்கைச் சட்டை விற்றும் 6.25 சதவீதம் இறக்கம் என்று காட்டும். அதனால் வரி நீங்கிய தொகையைத்தான் ஒப்பிட வேண்டும், கூடவே எத்தனை உருப்படி விற்றது என்பதையும்.

வாகனங்களில் இதே வரிக் குறைப்பு வேறு விதமாக விளையாடியது. ஃபாடா கணக்கில் 42 நாள் பண்டிகைக்கால விற்பனை 2024-இல் 43.25 லட்சம் வண்டி, 2025-இல் 52.38 லட்சம், 21 சதவீத ஏற்றம். தேதிகள் நேராக அடுக்கப்பட்ட நேர்மையான ஒப்பீடு இது. ஆனால் வரி குறையப்போகிறது என்ற அறிவிப்பு ஆகஸ்ட் 15 அன்றே வந்துவிட்டது. குறைப்பு நடைமுறைக்கு வந்த நாளும் நவராத்திரி தொடங்கிய நாளும் ஒன்றே. இடைப்பட்ட ஐந்து வாரத்தில் வாங்க வேண்டியவர்களில் பலர் காத்திருந்தார்கள். அவர்களும் அந்த 42 நாளுக்குள் வந்து சேர்ந்தார்கள். எடுத்துக்கொண்ட நாள்கள் தமக்கு வெளியே இருந்த விற்பனையை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது வளர்ச்சி பெரிதாகத் தெரியும். இந்த மாதிரி ஆண்டில் பண்டிகை நாள்களுக்கு முந்தைய ஐந்து ஆறு வாரத்தையும் சேர்த்து இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அந்த நீண்ட கணக்கில் வண்டி எண்ணிக்கையின் ஏற்றம் எவ்வளவு சுருங்குகிறதோ, அதில் பெரும்பகுதி தள்ளிப்போட்ட விற்பனையாக இருக்கலாம்.

கடையின் கணினியில் இதைச் செய்வது சுலபம். ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித் தாள். ஏ வரிசையில் தேதி, சி வரிசையில் அன்றைய வரி நீங்கிய விற்பனை. டி2 கட்டத்தில் முதல் சூத்திரத்தை அந்தந்த ஆண்டின் தீபாவளித் தேதியோடு போட்டுக் கடைசி வரை இழுத்துவிடுங்கள். இரண்டாவது சூத்திரத்தை சி, டி வரிசைகளுக்கு வெளியே ஒரு காலிக் கட்டத்தில் போட்டால் 35 நாள் கூட்டலைத் தரும்.

```
=A2-DATE(2024,10,31)
=SUMIFS(C:C,D:D,">=-27",D:D,"<=7")
```

முதல் முறை போடும்போது டி வரிசையில் தீபாவளிக்கு முந்தைய நாள்களுக்கெல்லாம் ##### என்று வந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் அந்த எண்ணைத் தேதியாகக் காட்டப் பார்க்கிறது, கழித்தல் தேதி என்று ஒன்று அதற்குக் கிடையாது. அந்த வரிசையின் வடிவத்தைச் சாதாரண எண்ணாக மாற்றினால் −27, −26 என்று வரும். அப்புறம் ஒரு சரிபார்ப்பு: 0 என்று வரும் இடத்துக்கு நேரே உள்ள தேதி உண்மையிலேயே உங்கள் ஊரில் தீபாவளி கொண்டாடிய நாளா என்று பாருங்கள். 2018-இல் தமிழ்நாட்டில் நவம்பர் 6, வடக்கே நவம்பர் 7. பல மாநிலங்களில் கிளை உள்ளவர்கள் ஒரே தேதியை எல்லாக் கிளைக்கும் போட்டால் கடைசி நாள் விற்பனை, அதாவது மிகப் பெரிய நாள், தவறான எண்ணில் போய் உட்காரும்.

தினசரிக் கணக்கு இல்லாமல் மாதக் கூட்டல் மட்டும் இருந்தால்? பழைய ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் அதுதான் மிஞ்சியிருக்கும். அப்போது பண்டிகைக்கு முந்தைய நாள்கள் எந்த மாதத்தில் எத்தனை விழுந்தன என்ற விகிதத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம். பொருளாதாரப் புள்ளிவிவரக்காரர்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் X-13ARIMA-SEATS என்ற அமெரிக்க மென்பொருளில் ஈஸ்டருக்கு ஆயத்த ஏற்பாடு இருக்கிறது, தீபாவளிக்கு நாமே விகிதங்களைத் தயாரித்து உள்ளே கொடுக்க வேண்டும். ஆனால் நாள் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரித்தால் பெரிய பிழை வரும். நம் கடையில் 2023-இல் முந்தைய 27 நாளில் 11 நாள்தான் நவம்பரில் விழுந்தன, 41 சதவீதம். ஆனால் அந்த 27 நாள் விற்பனையான 136 லட்சத்தில் நவம்பரின் பங்கு 88 லட்சம், 65 சதவீதம். தீபாவளி விற்பனை நாளுக்கு நாள் சரிசமமாக ஏறுவதில்லை, கடைசியில் செங்குத்தாக ஏறுகிறது. ஒரே ஓர் ஆண்டின் தினசரிக் கணக்காவது கையில் இருந்தால் அதன் வடிவத்தைக் கொண்டு மற்ற ஆண்டுகளைப் பிரிக்கலாம். அதுவும் இல்லாதபோது மாதக் கூட்டலிலிருந்து பண்டிகை வளர்ச்சியைச் சொல்ல நான் துணியமாட்டேன். மூன்று மாதக் கூட்டலோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

2026-இல் இந்தக் கணக்கு மறுபடி சோதனைக்கு வரும். தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, போன ஆண்டைவிட 19 நாள் பின்னால். 2025 அக்டோபரில் தீபாவளிக்கு முந்தைய 19 நாளும் விழுந்திருந்தன. 2026 அக்டோபரில் கடைசி வாரம் இருக்காது, அது நவம்பருக்குப் போய்விடும். ஆகவே அக்டோபர் அறிக்கை இறக்கத்தையும் நவம்பர் அறிக்கை பெரிய ஏற்றத்தையும் காட்டும். இந்த முறை சம்பள நாள் −7-இல் வருகிறது, 2025-இல் அது −19-இல் வந்தது. கடைசி வாரம் போன ஆண்டைவிடக் கனமாகவும், அதற்கு முந்தைய வாரங்கள் மெலிந்தும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. மெலிவைப் பார்த்துவிட்டு அக்டோபர் நடுவிலேயே தள்ளுபடியைக் கூட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பண்டிகை முடியும்வரை காத்திராமல் நடுவில் நிலவரம் தெரிய வேண்டுமானால், 2026 அக்டோபர் 12 முதல் உள்ள விற்பனையை 2025 செப்டம்பர் 23 முதல் உள்ளதோடு வைத்துப் பாருங்கள், இரண்டுமே −27. ஆனால் மாதம் முடிகிறதே என்று அக்டோபர் 31 இரவு ஒப்பிட வேண்டாம். அன்றைக்கு 2025 பக்கத்து 20 நாளில் மூன்று ஞாயிறு இருக்கும், 2026 பக்கத்தில் இரண்டுதான் இருக்கும். ஒரு நாள் பொறுத்து, நவம்பர் 1 ஞாயிறு இரவு கடை அடைத்த பிறகு ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் 21 நாள், எல்லாக் கிழமையும் மும்மூன்று.